கவிழ்த்துப் பார்த்தால் தெரியும்: போலித் திறன்கடிகாரத்தை வார் பொருந்தும் பள்ளம், சென்சார் முதுகு, சார்ஜ் முனை ஆகிய மூன்றையும் கொண்டு கண்டறிவதற்கான முழுமையான வழிகாட்டி

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது, செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக வேலை பார்க்கும் ஒருவர் சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் பழுதுபார்ப்புக் கடைக்கு ஒரு கடிகாரத்தைக் கொண்டுவந்தார். இதய அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய தந்தைக்காக, இணையத்தில் விற்பனை செய்யும் ஒருவரிடம் 480 ரிங்கிட் கொடுத்து வாங்கியிருந்தார். ஆப்பிள் வாட்ச் சீரீஸ் 8, 45 மில்லிமீட்டர், ஒருவர் மட்டும் பயன்படுத்தியது என்பது விற்றவரின் கூற்று. பெட்டி மிகச் சுத்தமாக இருந்தது. பெட்டியில் அச்சிடப்பட்டிருந்த வரிசை எண்ணை checkcoverage.apple.com பக்கத்தில் தட்டியபோது சீரீஸ் 8 என்றே காட்டியது. "எல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணே, ஆனா அப்பாவுக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக் குடுங்க" என்றார்.

அவர் கேட்டதன் பொருட்டு அன்று நான் செய்த சோதனையையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். திரை, பெட்டி, வரிசை எண் ஆகிய மூன்றும் போலி செய்பவருக்கு மிக எளிதானவை. திரையில் தெரியும் படத்தை மென்பொருளால் வரைந்துவிடலாம். பெட்டியை அச்சகத்தில் அடித்துவிடலாம். ஓர் உண்மையான கடிகாரத்தின் வரிசை எண்ணை எடுத்து ஆயிரம் பெட்டிகளில் ஒட்டிவிடலாம். கடிகாரத்தின் முதுகு அப்படிப்பட்டதன்று. அங்கே உலோகத்தைக் கடைந்திருக்க வேண்டும், கண்ணாடியை வளைத்திருக்க வேண்டும், ஒளி உமிழும் புள்ளிகளை உண்மையாகவே பதித்திருக்க வேண்டும். செலவு அங்கேதான் இருக்கிறது என்பதால், மிச்சம் பிடிப்பவரும் அங்கேதான் மிச்சம் பிடிக்கிறார்.

தொடங்குவதற்கு முன்: எந்த மாதிரி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பலரும் நேராகக் கடிகாரத்தைக் கவிழ்த்து "இது நன்றாக இருக்கிறதா?" என்று பார்க்கிறார்கள். கேள்வியே அங்கே தவறிவிடுகிறது. "இவர் சொல்லும் மாதிரிக்கு முதுகில் என்ன இருக்க வேண்டும்?" என்பதுதான் கேட்க வேண்டியது. ஒரு மாதிரியில் போலியின் அடையாளமாக இருப்பது இன்னொரு மாதிரியில் அசலின் இயல்பாக இருக்கும்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு, உடலோடு சேர்ந்த யூஎஸ்பி செருகி. ஷாவ்மியின் மி பேண்ட் 5 அல்லது 6 என்று சொல்லி விற்கப்படும் ஒரு பட்டையின் வாரைக் கழற்றினால், உள்ளே தட்டையான யூஎஸ்பி செருகி நீட்டிக்கொண்டிருக்குமானால் அது போலி. ஏனென்றால் அசல் 5, 6, 7 ஆகியவற்றின் முதுகில் இரண்டு சிறிய வட்ட முனைகளும் அவற்றில் காந்தத்தால் ஒட்டும் கம்பியும்தான் உண்டு. ஆனால் அதே நிறுவனத்தின் மி ஸ்மார்ட் பேண்ட் 4சி என்ற மாதிரியில் அந்தச் செருகி உண்மையாகவே உண்டு. ஹுவாவே பேண்ட் 4 என்பதிலும் உண்டு. செருகியைக் கண்டதும் போலி என்று கூவிய ஒரு வாடிக்கையாளர், தன் தங்கை ஆசையாகப் பரிசளித்த அசல் 4சி பட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே விற்பவர் சொல்லும் மாதிரியின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அதே மாதிரியின் பின்புறப் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைப் பக்கத்தில் இருக்கும் படம் இதற்கு உதவாது. போலி விற்பவரும் அசலின் படத்தைத்தான் போடுவார்.

தேவைப்படும் பொருள்கள் மிகக் குறைவு. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி, கைப்பேசியின் விளக்கு, மெல்லிய துணி, ஒரு சாதாரண நகல் தாள், மின்கம்பியில் சுற்றும் கறுப்பு ஒட்டுநாடா ஆகியவை போதும். அசல் வார் ஒன்றும் அசல் சார்ஜர் ஒன்றும் கிடைத்தால் இன்னும் நல்லது. உறவினரிடம் அரை மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

முதற்படி: வார் பொருந்தும் இடம்

வழக்கமான கைக்கடிகாரத்தில் உடலிலிருந்து இரண்டு காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றின் நடுவே சுருள்வில் வைத்த ஊசி வாரைப் பிடித்திருக்கும். ஆப்பிள் வாட்சில் காது கிடையாது. உடலின் மேலும் கீழும் வளைந்த பள்ளம் கடையப்பட்டிருக்கும். வாரின் முனை பக்கவாட்டில் வழுக்கி உள்ளே போய், நடுவில் வந்ததும் கிளிக் என்று பூட்டிக்கொள்ளும். கழற்றுவதற்கு முதுகில், சென்சார் கண்ணாடிக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக நீள்வட்டப் பொத்தான்கள் இருக்கும்.

முதலில் இரண்டு வார்களையும் கழற்றிவிடுங்கள். பள்ளத்துக்குள் கைப்பேசி விளக்கை அடித்து, உருப்பெருக்கி வழியாகப் பாருங்கள். அசலில் பள்ளத்தின் உட்சுவர் வெளிப்புறத்தைப் போலவே ஒரே சீரான மெருகுடன் இருக்கும், விளிம்பில் விரலை ஓட்டினால் எங்கும் தடுக்காது. போலியில் நான் அடிக்கடி காண்பது இதற்கு நேர்மாறு: வெளியே பளபளப்பும், உள்ளே கடைந்த கோடுகளும், சாயம் எட்டாமல் விட்டுப்போன வெள்ளை உலோகமும். பலவற்றில் உடல் ஒரே துண்டாக இராது. மேல் ஓடும் கீழ் ஓடும் சேரும் மெல்லிய கோடு பள்ளத்துக்குள் தெரியும். அசல் அலுமினிய உடலில் அங்கே அத்தகைய கோடு இருக்காது.

அடுத்து, கீழ்ப் பள்ளத்துக்குள் பாருங்கள். சீரீஸ் 6 வரையிலான ஆப்பிள் வாட்ச்களில், நிறுவனத்தின் பழுதுநீக்குநர்கள் மட்டும் பயன்படுத்தும் மறைவான இணைப்புத் துளை ஒன்று சிறு மூடியுடன் அங்கே இருந்தது. சீரீஸ் 7 முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. இதை அறியாமல் பழைய மாதிரியைப் பார்த்து அச்செடுத்த போலிகளில், சீரீஸ் 8 என்ற பெயருடன் அந்த மூடியின் வடிவமும் சேர்ந்தே வந்துவிடுகிறது. மண்டோர் கொண்டுவந்த கடிகாரத்தில் எனக்கு முதல் ஐயம் எழுந்தது இங்கேதான். கீழ்ப் பள்ளத்தின் நடுவில் நீள்வட்டக் கோடு ஒன்று கீறப்பட்டிருந்தது. அது திறக்கும் மூடியன்று, மூடி போலத் தோன்றுவதற்காகப் பொறித்த கோடு. 2022இல் வெளியான கடிகாரத்தில் அதற்கு வேலையே இல்லை.

வரிசை எண்ணும் பள்ளத்துக்குள்தான் பொறிக்கப்பட்டிருக்கும். உருப்பெருக்கி இல்லாமல் படிப்பது கடினம் என்ற அளவுக்குச் சிறியதாக இருக்கும். அந்த எண், பெட்டியில் உள்ள எண், கடிகாரத்தின் அமைப்புப் பகுதியில் காட்டும் எண் ஆகிய மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இல்லையென்றால் வாங்காதீர்கள். ஒன்றாக இருந்தால் அதை மட்டும் நம்பி வாங்கவும் வேண்டாம், ஏனென்றால் மேலே சொன்னதுபோல அது நகலெடுக்கக்கூடிய எண்தான்.

இப்போது வாரைப் பொருத்துங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: அசல் கடிகாரத்தில்கூட, இரவுச் சந்தையில் பத்து ரிங்கிட்டுக்கு வாங்கிய வார் தளர்வாகத்தான் ஆடும். அதைக் கொண்டு கடிகாரத்தைத் தீர்ப்பிடக் கூடாது. உறவினரின் அசல் வாரைப் போட்டுப் பாருங்கள். 44, 45, 49 மில்லிமீட்டர் உடல்களுக்கு ஒரே அளவு வார் பொருந்தும், 40, 41 மில்லிமீட்டர் உடல்களுக்கு இன்னொரு அளவு பொருந்தும். அசலும் அசலும் சேரும்போது வாரின் முனை உடலின் வளைவோடு ஒன்றிப்போய், இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். பொத்தானை அழுத்தாமல் பக்கவாட்டில் தள்ளினால் நகராது. போலியில் ஒரு பக்கம் சற்று உள்ளே போய் மறுபக்கம் வெளியே நீட்டும், அல்லது வாரைப் பிடித்து மெதுவாக ஆட்டினால் தலை தனியாகக் குலுங்கும். நகல் தாளை இரண்டாக மடித்து வாருக்கும் உடலுக்கும் நடுவே நுழைத்துப் பார்ப்பது என் வழக்கம். ஒரு பக்கம் தாராளமாகப் போய் மறுபக்கம் தடுத்தால், பள்ளம் கோணலாகக் கடையப்பட்டிருக்கிறது என்று பொருள்.

உடற்பயிற்சிப் பட்டைகளில் இந்தப் படி இன்னும் எளிது. ஷாவ்மியின் 7 வரையிலான மாதிரிகளில், மாத்திரை வடிவ உடல் சிலிக்கான் வாரின் துளைக்குள் அழுத்திப் பொருத்தப்படும். 2023இல் வந்த ஸ்மார்ட் பேண்ட் 8 முதல் அந்த அமைப்பு மாறி, உடலின் இரு முனைகளிலும் தனித்தனி வார் வந்து பூட்டிக்கொள்கிறது. பேண்ட் 8 என்று சொல்லிவிட்டு, துளையுள்ள ஒரே நீள சிலிக்கான் வாருக்குள் உடலை அழுத்தி வைத்துக் கொடுத்தால் வேறெதையும் பார்க்கத் தேவையில்லை.

இரண்டாம் படி: சென்சார் இருக்கும் முதுகு

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனென்றால் மற்ற குறைகள் பணத்தோடு போகும், இந்தக் குறை உடம்போடு விளையாடும்.

பச்சை விளக்கு எதற்கு என்று முதலில் தெரிந்துகொள்வோம். இரத்தம் சிவப்பாகத் தெரிவது, அது பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்வதால்தான். ஒவ்வொரு துடிப்பின்போதும் மணிக்கட்டில் இரத்தம் சற்றுக் கூடுகிறது, அப்போது பச்சை ஒளி கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. அடுத்த துடிப்பு வரும்வரை உறிஞ்சுவது குறைகிறது. விளக்கு ஒளியைத் தோலுக்குள் அனுப்ப, பக்கத்தில் இருக்கும் ஒளியுணரி திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டுத் துடிப்பை எண்ணுகிறது. ஆக, உமிழும் புள்ளியும் உணரும் புள்ளியும் ஆகிய இரண்டும் முதுகில் இருந்தாக வேண்டும். விளக்கு மட்டும் இருந்தால் அது அலங்காரம்.

சீரீஸ் 6 முதலான ஆப்பிள் வாட்ச்களில், விலை குறைந்த எஸ்இ மாதிரி நீங்கலாக, முதுகுக் கண்ணாடியின் அடியில் நான்கு விளக்குத் தொகுதிகளும் நான்கு ஒளியுணரிகளும் உண்டு. பச்சையோடு, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவுக்காகச் சிவப்பும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் அந்தத் தொகுதிகளில் இருக்கும். எஸ்இ மாதிரியில் ஆக்சிஜன் அளவீடு கிடையாது. எனவே எஸ்இ என்று சொல்லப்படும் கடிகாரம் சிவப்பு விளக்கை எரிய வைத்து ஆக்சிஜன் எண்ணைக் காட்டினால், அதுவே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

விளக்கை அடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். அசலில் கண்ணாடியின் அடியில் ஆழம் தெரியும். சிறு சதுரங்களும் பிரிவுகளும் கீழே இருப்பதும், சாய்க்கும்போது அவை கண்ணாடியின் விளிம்புக்கு ஏற்ப இடம் மாறித் தோன்றுவதும் புலப்படும். போலியில் நான்கு பிரிவுகளும் கண்ணாடியின் உட்பக்கத்தில் அச்சடிக்கப்பட்ட கோலம் மட்டுமே. எந்தக் கோணத்திலும் அசையாமல் ஒரே தளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி எரியும், சுற்றியுள்ளவை எரிவதே இல்லை. மண்டோரின் கடிகாரத்தில் அப்படித்தான் இருந்தது. கண்ணாடியும் கண்ணாடியன்று, பிளாஸ்டிக்; விரலை வைத்ததும் அசலில் தோன்றும் குளிர்ச்சி அதில் இல்லை. எழுத்துகளும் பொறிக்கப்படாமல் மேலே அச்சிடப்பட்டிருந்ததால், துணியால் நான்கு முறை துடைத்ததும் ஓர் எழுத்தின் கால் மங்கியது.

அடுத்தது அளவீட்டுச் சோதனை. வாழைப்பழத்திலும் சுருட்டிய துணியிலும் கட்டிப் பார்த்து, துடிப்புக் காட்டினால் போலி என்று சொல்லும் காணொளிகள் பரவலாக உண்டு. அதை நம்பாதீர்கள். கழிவறைத் தாள் சுருளில் கட்டினால்கூடச் சில அசல் கருவிகள் ஏதோ ஓர் எண்ணைக் காட்டியதுண்டு. தாறுமாறான ஒளி மாற்றங்களுக்குள் ஒரு தாளத்தைத் தேடும் வகையில் சென்சார் அமைக்கப்பட்டிருப்பதால், எதிரொளிக்கும் எந்தப் பொருளிலும் தவறி ஒரு தாளத்தைக் கண்டுவிடக்கூடும்.

நான் செய்வது வேறு. முதலில், நாற்காலியில் ஐந்து நிமிடம் அமர்ந்தபின், கழுத்திலோ மணிக்கட்டிலோ விரல் வைத்து 30 விநாடிக்குத் துடிப்பை எண்ணி இரண்டால் பெருக்கி எழுதிக்கொள்கிறேன், கடிகாரம் காட்டுவதையும் எழுதிக்கொள்கிறேன். பிறகு கடைக்குப் பின்னால் உள்ள மாடிப்படியில் மூன்று முறை ஏறி இறங்கி, உடனே மறுபடியும் இரண்டையும் எழுதுகிறேன். கடைசியாக, கறுப்பு ஒட்டுநாடாவால் சென்சார் கண்ணாடி முழுவதையும் மூடி, கையில் கட்டி, மூன்று முறை அளக்கவிடுகிறேன். ஒளி தோலை எட்டாத நிலையில் உண்மையான சென்சார் எண்ணுக்குப் பதிலாக வெறும் கோடுகளைக் காட்டும், அல்லது முறைக்கு முறை தாறுமாறாக மாறும் எண்ணைக் காட்டும். ஒருமுறை ஏதோ ஓர் எண் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் போலி என்று முடிவு செய்யக் கூடாது. மூன்று முறையும், சில விநாடிகளில், நம்பத்தக்க எண் தயக்கமின்றி வந்தால் அது அளக்கப்பட்ட எண்ணன்று.

மண்டோரின் கடிகாரத்தைக் கட்டி நான் குறித்துவைத்த எண்கள் இவை. அமர்ந்திருந்தபோது என் விரல் எண்ணிய துடிப்பு 72, கடிகாரம் 76. இது ஏறக்குறைய ஒத்துப்போகிறது, அங்கேயே நிறுத்தியிருந்தால் நானும் ஏமாந்திருப்பேன். படி ஏறிய பிறகு விரல் எண்ணியது 118, கடிகாரம் 79. நாடா ஒட்டிய பிறகு மூன்று முறையும் 74, 77, 75. இதய நோயாளியின் துடிப்பு நூற்று நாற்பதுக்கு ஏறினாலும் எழுபத்தைந்து என்று சொல்லிக்கொண்டிருக்கும் பொருள் அது. விரலால் எண்ணியதும் கடிகாரம் சொன்னதும் படி ஏறிய பின் விலகியதே இங்கே வலுவான சான்று. ஓய்வில் ஒத்துப்போவது எதையும் நிரூபிக்காது, ஏனென்றால் ஓய்வில் பெரும்பாலானோரின் துடிப்பு எழுபதை ஒட்டித்தான் இருக்கிறது.

இரத்த அழுத்தமும் சர்க்கரையும் காட்டுகிறது என்று பெருமையாகச் சொல்லி விற்கப்படும் கடிகாரங்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆப்பிள் வாட்ச் எதுவும் இரத்த அழுத்த எண்ணையோ சர்க்கரை எண்ணையோ தன் முதுகைக் கொண்டு அளந்து காட்டுவதில்லை. ஊசி குத்தாமல் தானே சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கடிகாரம், மோதிரம் எதற்கும் தாங்கள் அனுமதி அளிக்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. நம் ஊரில் நீரிழிவு இல்லாத வீடு குறைவு. அந்த எண்ணைப் பார்த்து மாத்திரையைக் குறைத்துக்கொள்பவர்கள் இருக்கக்கூடும் என்ற அச்சத்தினால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாம் படி: சார்ஜ் ஏறும் முனைகள்

ஆப்பிள் வாட்சின் முதுகில் சார்ஜ் ஏற்றுவதற்கான உலோக முனை எதுவும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. முதல் மாதிரியிலிருந்து இன்றுவரை, காந்தம் பொதிந்த வட்டத் தட்டின் மேல் முதுகு உட்கார்ந்தால் மின்காந்தத் தூண்டலால் சார்ஜ் ஏறுகிறது. எனவே முதுகில் இரண்டு பொன்னிறப் புள்ளிகளைக் கண்டால், மற்றப் படிகள் தேவையில்லை. இரவுச் சந்தையில் ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா போன்ற தோற்றத்துடன் வரும் மலிவான கடிகாரங்களில் பல இந்தப் புள்ளிகளோடுதான் இருக்கின்றன. விலை கூடிய போலிகள் புள்ளியை மறைத்து, உள்ளே சிறிய கம்பிச் சுருளை வைத்துவிடுகின்றன. மண்டோருடையது அந்த வகை.

அதைப் பிரித்தறிய, அசல் சார்ஜர் தட்டு வேண்டும். அசல் தட்டின் மேல்புறம் சற்றுக் குழிந்திருக்கும், அசல் முதுகு சற்றுக் குவிந்திருக்கும். அருகே கொண்டுபோனதும் காந்தம் இழுத்து நடுவில் உட்கார வைத்துவிடும், கையை எடுத்துப் பக்கவாட்டில் பிடித்தாலும் கடிகாரம் தட்டைவிட்டு எளிதில் நழுவாது. போலியின் முதுகு வேறு வளைவில் இருப்பதால் தட்டின் மேல் சரியாக உட்காராமல் ஆடும், காந்தம் மெலிந்திருக்கும், சார்ஜ் ஏறத் தொடங்கிச் சில விநாடிகளில் அறுந்துவிடும். மறுபக்கம், கைப்பேசிக்கு என்று விற்கப்படும் சாதாரணக் கம்பியில்லாச் சார்ஜர் தட்டில் வைத்துப் பாருங்கள். ஆப்பிள் தன் கடிகாரத்துக்கெனத் தனித் தட்டைத்தான் வைத்திருக்கிறது, ஆகவே கைப்பேசித் தட்டில் தடையின்றிச் சார்ஜ் ஏறுவது ஐயத்தைக் கூட்டும். அதை மட்டும் வைத்துத் தீர்ப்பிட வேண்டாம். மண்டோரின் கடிகாரம் என் அசல் தட்டில் நான்கு முறை அறுந்தது, கைப்பேசித் தட்டில் உடனே ஏறியது.

உலோக முனைகள் இருக்க வேண்டிய பட்டைகளில் சோதனை வேறு வகை. ஹுவாவே, ஷாவ்மி பட்டைகளின் இரண்டு முனைகளும் உடலோடு ஒரே மட்டத்தில், சுற்றிலும் பசை பிதுங்காமல், கோணாமல் பதிந்திருக்கும். போலியில் முனையைச் சுற்றி ஊசி நுழையும் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி வழியாகத்தான் பின்னர் நீர் உள்ளே போகிறது. நிறுவனத்தின் அசல் கம்பியை அருகே கொண்டுபோனால் காந்தத்தின் முனைகள் ஒத்துப்போய்த் தானே ஒட்ட வேண்டும். முனைகளின் இடைவெளி பொருந்தாமல் ஒன்று மட்டும் தொட்டு நின்றால், அந்தப் பட்டை பொதுச் சந்தையில் கிடைக்கும் ஏதோ ஒரு கம்பிக்காகச் செய்யப்பட்டது.

கறுத்துப்போன முனை போலியின் அடையாளம் ஆகாது. வெயிலில் குலை வெட்டுபவர், உரம் போடுபவர் ஆகியோரின் கையில் ஓராண்டு இருந்த அசல் பட்டையின் முனைகள் வியர்வையால் பச்சை படர்ந்து வருவதை வாரந்தோறும் பார்க்கிறேன். மென்மையான பல்துலக்கியில் ஐசோபிரோப்பைல் ஆல்கஹால் சில துளி தொட்டு மெதுவாகத் தேய்த்து, முற்றிலும் உலர்ந்த பிறகு பாருங்கள். அடியில் பொன்னிறம் சீராகத் திரும்பினால் அது பழகிய பொருள் என்று மட்டுமே பொருள். அதேபோல, முதுகுக் கண்ணாடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பதும் போலிக்குச் சான்றன்று. பேட்டரி உப்பிய அசல் கடிகாரமும் அப்படித்தான் தூக்கும். அதை வாங்கவும் கூடாது, சார்ஜில் போடவும் கூடாது.

மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா?

தனித்தனியாகப் பார்க்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் சொல்லிவிட முடியும். வார் ஆடுவதற்கு மலிவு வார் காரணம் எனலாம், சார்ஜ் அறுவதற்குக் கம்பி காரணம் எனலாம், கண்ணாடி வேறாக இருப்பதற்கு எங்கோ ஒரு கடையில் மாற்றியது காரணம் எனலாம். கடைசியாகச் சொன்னது நடக்கக்கூடியதே. உடைந்த முதுகை வெளிக்கடையில் மாற்றிய அசல் கடிகாரங்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் கண்ணாடி மட்டும் வேறாக இருக்கும், பள்ளமும் பொத்தான்களும் மென்பொருளும் அசலாகவே நிற்கும். ஒரே ஓர் இடம் பிசகினால் விசாரியுங்கள். இரண்டு இடம் பிசகினால் விட்டுவிடுங்கள்.

முதுகு எல்லாம் சரியாக இருந்து, மனம் மட்டும் தயங்கினால், இணைத்துப் பாருங்கள். ஆப்பிள் வாட்ச் ஐபோனில் உள்ள Watch செயலியோடு மட்டுமே இணையும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அதை அமைக்கவே முடியாது. FitPro, Da Fit, WearFit Pro போன்ற செயலியைப் பதிவிறக்கச் சொன்னால் அது ஆப்பிள் வாட்ச் அன்று. நம் ஊரில் ஆண்ட்ராய்டு வைத்திருப்பவரே அதிகம் என்பதால், "எந்தப் போனுக்கும் வேலை செய்யும்" என்று விற்பவர் சொல்வது வாங்குபவரின் காதுக்கு இனிமையாக இருக்கிறது. இந்தச் சொல்லைக் கேட்டதும் காசைப் பைக்குள் வைத்துவிடுங்கள். அசல் கடிகாரமாகவே இருந்தாலும், முந்தைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து விடுவிக்காமல் விற்றிருந்தால் அது பூட்டப்பட்டே இருக்கும். முதுகைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, உங்கள் ஐபோனில் முழுமையாக இணைத்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும்.

மண்டோரின் கடிகாரம் பள்ளத்திலும் முதுகிலும் சார்ஜிலும் பிசகியது. நான் அதை ஒட்டுநாடாவுடன் அப்படியே அவர் முன்னால் வைத்து, எண்களை எழுதிய தாளைக் காட்டினேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பா கையில போட்டிருந்தா நான் நம்பிக்கிட்டு இருந்திருப்பேன் அண்ணே" என்றார்.

பணத்தைத் திரும்பக் கேட்பதற்கு, போலி என்று வாயால் சொல்வது போதாது. அன்று அவருக்காக நான் எடுத்துக் கொடுத்த படங்கள் நான்கு: விளக்கடித்த கீழ்ப் பள்ளத்தில் தெரியும் போலி மூடிக்கோடு, அதே சட்டத்துக்குள் நிறுவனப் பக்கத்தின் பின்புறப் படமும் இந்த முதுகும், ஒட்டுநாடா ஒட்டிய நிலையில் எண் காட்டும் திரை, ஒரே காணொளியாக, வெட்டாமல், அசல் தட்டில் சார்ஜ் அறுவது. விற்பனைத் தளத்தில் பொருள் கிடைத்ததை உறுதிசெய்யும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே இவற்றை எடுத்து அனுப்ப வேண்டும், ஏனென்றால் அழுத்திய பிறகு பணம் விற்பவருக்குப் போய்விடும். அவர் இன்னும் அழுத்தியிருக்கவில்லை. ஒன்பதாம் நாள் 480 ரிங்கிட் முழுவதும் திரும்பி வந்தது.

கையில் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு வழி சற்று நீண்டது. விற்றவர் யார், கடை எங்கே என்று தெரிந்திருந்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் ஐந்து ரிங்கிட் கட்டணத்துடன் மனு கொடுக்கலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை. மனுவோடு இணைக்க வேண்டியவை ரசீது, விற்றவர் மாதிரியின் பெயரை எழுதி அனுப்பிய செய்தி, மேலே சொன்ன நான்கு படங்கள். மாதிரியின் பெயர் எழுத்தில் இருப்பது இங்கே மிக முக்கியம். அதனால்தான் பேரம் பேசும்போதே "இது சீரீஸ் எட்டுதானா, எழுதி அனுப்புங்கள்" என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும்படி எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். எழுதித் தரத் தயங்குபவரிடம் கடிகாரத்தைக் கவிழ்த்துப் பார்க்கும் வேலையே தேவையில்லை.